கப்பல் போன மறுநாள்

அன்று பிற்பகல் அந்த வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். கட்டிலில் பெரியவர். அவர் கால்மாட்டில், கண்ணில் புரை விழுந்த அவர் மனைவி. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வங்காளத்துப் பெண், சித்தி என்ற பொருளில் நாங்கள் மாஷி என்று கூப்பிடுகிறவள். கஞ்சிக் கிண்ணத்தோடு நான். இல்லாதவர்கள் இரண்டு பேர்: பெரியவரின் இளைய மகனும், மகனின் மனைவியும். அந்த இரண்டாமவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவர் பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அவரைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான்.

நான்கு மணிக் கஞ்சியைப் பெரியவர் வாங்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டார். பக்கவாதம் அவருடைய வலது கையையும் வலது காலையும் பேச்சையும் கொண்டுபோயிருந்தது. மிச்சம் விட்டது ஒரே ஒரு வார்த்தை: "சனியனே". பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான், சந்தோஷமானாலும் அதுதான். அன்று அதையும் சொல்லவில்லை. நன்றாக இருந்த இடது கையை நீட்டி, கட்டிலுக்கு அடியில் கிடந்த தகரப் பெட்டியைக் காட்டினார். ஊரிலிருந்து வந்தபோது கொண்டுவந்த பெட்டி. மாஷி அதை வெளியே இழுத்து வைத்ததும் அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"க்யா ஹுவா, பாபா?" என்று மாஷி கேட்டாள். என்ன ஆச்சு என்று எனக்கும் தெரியவில்லை. வேட்டி மாற்றக் கேட்கிறாரோ என்று நினைத்து, பெட்டியிலிருந்து ஒரு வேட்டியை எடுத்துக் காட்டினேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசை ஹாடோ மேட்டில் இருந்தது. கீழே ஜெட்டி, கப்பல் அணையும் துறை. அண்ணன், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், அங்கே சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டினார். நான் அதே ஜெட்டியில் சரக்கு எண்ணும் குமாஸ்தா. என் அப்பா காட்டுக் கேம்பில் மரம் இழுத்தவர். கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் வைப்பார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான் ஒருவன்தான் என்பதால், வரிசையில் இருந்த பன்னிரண்டு வீட்டுக் கடிதங்களும் என் கையால்தான் போகும், என் வாயால்தான் படிக்கப்படும்.

அந்தத் தீவில் கிழமைக்கு மரியாதை கிடையாது. கப்பலுக்குத்தான் மரியாதை. மெயின்லேண்டிலிருந்து, அதாவது கடலுக்கு அந்தப் பக்கத்துப் பெருநிலத்திலிருந்து, மாதத்துக்கு இரண்டு கப்பல். வந்து நின்றால் ஞாயிறும் இல்லை, தீபாவளியும் இல்லை. அண்ணன் ஜெட்டியிலேயே சாப்பிட்டு ஜெட்டியிலேயே படுப்பார். சரக்கு இறங்கி, ஆள் ஏறி, மூன்று முறை நீளமாக ஊதிவிட்டுக் கப்பல் புறப்பட்ட மறுநாள்தான் எங்களுக்கெல்லாம் ஓய்வு. அக்கா தனக்கென்று எடுத்துக்கொண்டது அந்த ஒரு நாளின் பிற்பகல் மட்டும். இரண்டு மணி முதல் ஆறு மணி வரை.

அதை ஏன் எடுத்துக்கொண்டார் என்று எனக்கு ஒருமுறை சொன்னார். மறைத்துப் பேசும் வழக்கம் அவருக்கு இல்லை.

"ஒரு வருஷமா நானும் உங்க அண்ணனும் பேசுனதெல்லாம் மூத்திரமும் கஞ்சியுந்தான் தம்பி. துணி காஞ்சிருச்சா, மருந்து தீந்துருச்சா, வெளிக்கிப் போனாரா. ஒருநாள் பாத்தா, இந்த ஆளு மீசைய எடுத்துட்டு நாலு நாளாச்சாம். நான் கவனிக்கவே இல்ல."

பெரியவருக்குச் செய்ய வேண்டியதில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. அதைச் சொல்லாமல் மேலே போனால் அது அவருக்குச் செய்யும் துரோகம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும்: இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம். அடியில் நான்காக மடித்த பழைய சேலை ஒன்று எப்போதும் விரித்திருக்கும். ஆளைப் பிடித்து இழுத்தால் தோல் உரியும். இரண்டு பக்கமும் சேலையைப் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். முழங்கால்களுக்கு நடுவில் இலவம்பஞ்சுத் தலையணை. குதிகால் படுக்கையில் படக் கூடாது. ஒவ்வொரு முறை புரட்டும்போதும் இடுப்பெலும்பு, தோள்பட்டை, குதிகால் மூன்றையும் பார்ப்பார். சிவந்திருந்தால் விரலால் அழுத்துவார். விரலை எடுத்ததும் வெளுத்துவிட்டுச் சிவந்தால் பயமில்லை. வெளுக்காமல் அப்படியே சிவந்திருந்தால் அடுத்த இரண்டு வேளை அந்தப் பக்கம் படுக்க வைக்கக் கூடாது. ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருமுறை சொன்னதை அவர் இரண்டாம் முறை கேட்டதில்லை.

கஞ்சியும் அப்படித்தான். தண்ணீராக இருந்தால் புரையேறும்; கரண்டியிலிருந்து மெதுவாக வழிகிற பதம் வேண்டும். முதுகுக்கு அண்டைகொடுத்து உட்கார வைத்து, தாடையைக் கொஞ்சம் கீழே இறக்கி, வாதம் இல்லாத இடப்பக்கம் ஊட்ட வேண்டும். விழுங்கிய பிறகு வலது கன்னத்துக்குள் ஏதாவது தங்கியிருக்கிறதா என்று விரலால் துழாவிப் பார்க்க வேண்டும். அப்புறம் அரைமணி நேரம் படுக்க வைக்கக் கூடாது.

எல்லாவற்றையும் அவரே தலையில் போட்டுக்கொண்டதாக நினைக்க வேண்டாம். கப்பல் இல்லாத நாட்களில் குளிப்பாட்டுவதும், சவரம் செய்வதும், ராத்திரி முதல் இரண்டு புரட்டலும் அண்ணனுடையவை. அண்ணன் ஒருமுறை, "நீ செஞ்சா பக்குவமா இருக்குள்ள" என்று நழுவப் பார்த்தார்.

"எனக்கும் மொத நாள் பக்குவம் வரல. அவரு உங்க அப்பா. வாங்க, பக்குவத்தைச் சொல்லித் தாரேன்" என்றார் அக்கா. அதற்குப் பிறகு அண்ணன் நழுவியதில்லை.

மாமியாருக்கும் வேலை இருந்தது. அவருக்குக் கண் தெரியாது, கை தெரியும். மணிக்கு ஒருமுறை விரிப்பைத் தடவிப் பார்த்து, "ஈரம்" அல்லது "காஞ்சிருக்கு" என்று குரல் கொடுப்பார். அந்த வேலையில் அவர் தவறியதே இல்லை.

பிற்பகலுக்கு ஆள் வேண்டுமே. மாஷியிடம் அக்கா நேராகப் போய்க் கேட்டார். சேலையின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்க மாஷி வருவாள். பதிலுக்கு மாஷி ஆஸ்பத்திரிக்கோ பூஜைக்கோ போகும்போது அவள் பிள்ளைகள் மூன்றும் அக்கா வீட்டில். கணக்கு தீர்ந்தது. கஞ்சிக்கும் காவலுக்கும் நான். எனக்கு மூன்று பிற்பகல் ஒத்திகை நடந்தது. அக்கா சுவரில் சாய்ந்து நின்று பார்ப்பார். நான் ஊட்ட வேண்டும். முதல் நாள், எல்லாவற்றையும் காகிதத்தில் அழகாக எழுதிக் கதவில் ஒட்டியிருந்தேன், எண் போட்டு. பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எழுத்து முத்து முத்தா இருக்கு. ஆனா அவருக்குப் புரையேறுனா நீ கதவப் பாப்பியா, அவரப் பாப்பியா? கை பழகட்டும்."

போகிற இடமும் எப்போதும் ஒன்றுதான். அபர்டீன் பஜாரில் இறங்கி ஒரே டீக்கடை. அங்கிருந்து கீழே நடந்து கடலோரத்தில் ஒரே சுவர். வேறு இடம் பார்க்கலாமே என்று அண்ணன் கேட்டாராம். "நம்மளத் தேடி ஆள் வந்தா எங்க வரும்? இடம் மாறக் கூடாது" என்றாராம் அக்கா. காய்ச்சல் அடித்தால், புரையேறி மூச்சு சரியாகாவிட்டால், தோல் விண்டுவிட்டால், இந்த மூன்றுக்கும் மாஷி வீட்டுக்காரர் சைக்கிளை எடுக்க வேண்டும். மற்றதற்கெல்லாம் ஆறு மணி வரை காத்திருக்கலாம். டீ குடித்து முடிக்கிறவரை வீட்டுப் பேச்சு எடுக்கக் கூடாது என்பது அவர்கள் இருவருக்குள் ஒப்பந்தம்.

"மொத தடவை பேச ஒண்ணுமே இல்ல தம்பி. ரெண்டு பேரும் கிளாசையே பாத்துக்கிட்டு இருந்தோம். அப்பத்தான் தெரிஞ்சுச்சு, இதை விட்டா நாங்க ரெண்டு நர்சு ஆயிருவோம்னு."

இரண்டாம் தடவைதான் நான் முதலில் சொன்ன அந்தப் பிற்பகல். சாக்குச் சொல்லவே தெரியாத அக்கா ஒரே ஒரு சாக்குச் சொன்னதும் அன்றுதான். குழாயடியில் பேச்சுக் கிளம்பியிருந்தது. கடைசி வீட்டு அம்மாள் ஒருவர், குடத்தை வைத்துவிட்டு எல்லோரும் கேட்கும்படி, "மாமனாருக்கு மூத்திரம் அள்ளிட்டுப் பவுடர் போட்டுக்கிட்டுக் கெளம்பிட்டா மகாராணி, புருஷனோட ஊர்கோலம்" என்றாராம். அது மாமியார் காதுக்கும் போயிருந்தது. "எங்க காலத்துல இப்படி உண்டா?" என்று அவரும் மெல்லக் கேட்டார். புறப்படும்போது அக்கா பெரியவர் பக்கம் குனிந்து, "ரேஷனுக்குப் போயிட்டு வாரோம் மாமா" என்றார்.

அவர்கள் ஆறு மணிக்குச் சரியாக வந்தார்கள். பெரியவர் சுவரைப் பார்த்தபடியே கிடந்தார். அன்று இரவுக் கஞ்சியும் இறங்கவில்லை. மறுநாளும் இல்லை. ஈரத்துணியால் உதட்டை நனைத்ததோடு சரி. ஆஸ்பத்திரியிலிருந்து கம்பவுண்டர் வந்து பார்த்துவிட்டு, புதிதாக ஒன்றும் இல்லை, மனசுதான் என்றார். அண்ணன் வாசற்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"போதும். இனிமே எங்கயும் போக வேணாம். நாம போனதுதான் அவருக்குப் பிடிக்கல."

அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு வருஷத்தில் தனக்கென்று அவர் கேட்டது இரண்டு பிற்பகல். இரண்டோடு முடிந்துவிடும் போலிருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் மாமியார் என்னைக் கேட்டார், "அன்னைக்கு அவரு என்னதான் செஞ்சாரு? எனக்குக் கண்ணு தெரியலையே. ஒண்ணு விடாமச் சொல்லு."

சொன்னேன். கஞ்சி, உதடு, பெட்டி, வேட்டி.

"பெட்டியவா காட்டுனாரு? அட கூறு கெட்ட பயலே, இதை அன்னைக்கே சொல்லக் கூடாதா?"

வேட்டி கேட்கிறார் என்று நான் முடிவுகட்டிவிட்டதால் யாரிடமும் சொல்லவில்லை. படித்தவனுக்கு எல்லாம் புரிந்துவிடும் என்ற நினைப்பு. மாமியார் கட்டிலைத் தடவிப் பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன, நம்மள ஊருக்கு அனுப்பிருவாகன்னு நெனச்சீகளா?"

பெரியவர் வாயைத் திறந்து அழுதார். சத்தம் வரவில்லை.

அப்புறம் எல்லாம் ஒவ்வொன்றாகத் தெளிந்தது. அந்தப் பிற்பகலுக்கு முந்திய நாள் அண்ணன் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "இந்தக் கப்பல்ல அரிசி வரல, எல்லாம் சிமெண்டு. ரேஷன் கடை ஒரு வாரத்துக்குப் பூட்டுதான்" என்று சொல்லியிருந்தார். பேச்சுப் போனாலும் பெரியவருக்குக் காது போகவில்லை. பூட்டின ரேஷன் கடைக்கு இரண்டு பேரும் தலை சீவிக்கொண்டு எதற்குப் போகிறார்கள்? ஒரு கப்பல் போன மறுநாள்தான் அடுத்த கப்பலுக்கு டிக்கெட் பெயர் பதிகிற நாள் என்பது தீவில் குழந்தைக்கும் தெரியும். ஊரில் மூத்த மகன் வைத்துப் பார்க்க முடியாமல்தான் இருவரையும் ஒரு பெட்டியோடு கப்பல் ஏற்றி இங்கே அனுப்பியிருந்தார். அன்றும் இப்படித்தான் ஏதோ சாக்குச் சொல்லி டிக்கெட் எடுக்கப் போனாராம்.

அக்கா உடனே எழுந்து வந்தார். பெட்டியை மறுபடி கட்டிலுக்கு அடியில் தள்ளினார். பெரியவருக்கு எதிரில், முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"மாமா, நான் சொன்னது பொய். ரேஷனுக்குப் போகல. டிக்கெட்டுக்கும் போகல. உங்க புள்ளையும் நானும் பஜாருல டீ குடிச்சிட்டு, கடல் சுவத்துல உக்காந்து பேசிக்கிட்டு இருந்தோம். எங்களுக்கு அது வேணும். அடுத்த கப்பல் போன மறுநாளும் போவோம். சொல்லிட்டுப் போவோம், சொன்ன நேரத்துக்கு வருவோம். உங்கள எந்தக் கப்பல்லயும் ஏத்த மாட்டேன். இது ரெண்டும் நெசம்."

மூன்று நாள் பட்டினி கிடந்தவரிடம் மன்னிப்பு மட்டும் கேட்டிருக்கலாம். அடுத்த முறையும் போவோம் என்று யாராவது சொல்வார்களா?

பெரியவர் தெளிவாக, "சனியனே" என்றார். வாயைத் திறந்தார். அக்கா கஞ்சிக்கு எழுந்தார்.

குழாயடிக்கும் அவர் மறுநாளே போனார். கடைசி வீட்டு அம்மாளைத் தேடிப் பக்கத்தில் குடத்தை வைத்தார்.

"ஆமாம்மா, போனோம். இனிமேயும் போவோம். ஆளு ஒண்ணு குறையுது. நீங்க ஒருநாள் வந்து உக்காருங்க, நான் சொல்லித் தாரேன்."

அந்த அம்மாள் ஒரு மாதம் முகம் கொடுக்கவில்லை. பிறகு வந்தார். சேலை பிடித்துத் தூக்குவதில் மாஷியைவிட அவருக்குத்தான் பலம் அதிகம். மாஷிக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு.

அதற்குப் பிறகு கப்பல் மூன்று முறை ஊதினால் பெரியவர் இடது கையால் கட்டில் சட்டத்தை மூன்று முறை தட்டுவார். "தெரியுது மாமா, நாளைக்கு" என்பார் அக்கா. மாமியார் பட்டாணி வாங்கி வரச் சொல்ல ஆரம்பித்தார், வறுத்தது, உப்புப் போட்டது. ஒருமுறை பெரியவருக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. அன்று அவர்கள் போகவில்லை. "இன்னைக்கு இல்ல. ஆனா விடல, தள்ளி வைக்கிறோம்" என்று அக்கா எல்லோரிடமும் அறிவித்தார். காய்ச்சல் இறங்கிய மூன்றாம் நாள் அண்ணனை அரைநாள் லீவு போட வைத்து அந்த நான்கு மணி நேரத்தை எடுத்துக்கொண்டார்.

அவரை நினைத்து நான் பெருமைப்படும் இன்னொரு நாள் உண்டு. அண்ணனுக்குத் தெற்கே தள்ளியிருந்த கட்சால் தீவில் மேட் வேலை வந்தது, கூலிகளுக்கு மேஸ்திரியாக. ரப்பர்த் தோட்டத்துக்குச் சாமான் இறக்கும் ஜெட்டி அங்கே. சம்பளம் கூட. ஆனால் பெரியவரைச் சின்னக் கப்பலில், அலையில், படகு மாற்றி இறக்க முடியாது. டாக்டர் கூடவே கூடாது என்றுவிட்டார். அண்ணன் மட்டும் போய்விட்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரலாம். வரிசை முழுக்க அதைத்தான் சொன்னது. நானும்தான் சொன்னேன்.

"அக்கா, இங்க பாத்துக்க நாங்க இருக்கோம்ல. மாமாவுக்கு ஒரு குறையும் வராது."

"மாமாவுக்கு வராது. அது எனக்குத் தெரியும்" என்றார் அக்கா. "எங்க ரெண்டு பேத்துக்கு யார் இருக்கா?"

அண்ணனிடம் அவர் முடிவு சொல்லவில்லை, கேட்டார். கப்பல் போன மறுநாள், அந்தச் சுவரில் வைத்து, டீ முடிந்த பிறகு. திரும்பி வந்த அண்ணன் என் வாசலில் நின்று, "வேணாம்னு எழுதிரு தம்பி" என்றார்.

நான் மனு எழுதினேன். ஆபீஸ் பாஷை எனக்கு அத்துப்படி. தவிர்க்க முடியாத குடும்பச் சூழ்நிலை காரணமாக என்று ஆரம்பித்து, தமிழில் அக்காவுக்குப் படித்துச் சொன்னேன்.

"என்ன சூழ்நிலை?"

"அப்படித்தான் எழுதுவாங்க அக்கா."

"பூட்டின ரேஷன் கடை மாதிரி இருக்கு. உள்ளத எழுது."

எழுதினேன். தகப்பனார் வாதத்தில் படுத்திருக்கிறார், அவரைக் கப்பலில் கொண்டுபோக முடியாது. மனைவியைப் பிரிந்திருக்க எனக்கும், என்னைப் பிரிந்திருக்க அவளுக்கும் சம்மதமில்லை. ஆகையால் இந்த உயர்வு வேண்டாம். ஜெட்டி ஆபீஸ் பெரிய சாகிப் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "யே க்யா லிக்கா ஹை?" இது என்ன எழுத்து என்று என்னிடம் கேட்டார். "சச் ஹை, சாப்" என்றேன், உண்மைதான் என்று. அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். என் பேனா எழுதிய மனுக்களில் ஒரு பொய்கூட இல்லாத முதல் மனு அதுதான். இப்போதும் அதை நினைத்தால் முதுகு தானாக நிமிர்கிறது.

பெரியவர் அதற்குப் பிறகு இரண்டு வருஷமும் இரண்டு மாதமும் இருந்தார். ஒரு விடியற்காலையில், அக்கா புரட்டப் போனபோது, தூக்கத்திலேயே போயிருந்தார். ஆஸ்பத்திரியில் சொல்லித் தந்த அதே நர்ஸ் துக்கத்துக்கு வந்திருந்தார். குளிப்பாட்டும்போது முதுகைத் திருப்பிப் பார்த்தவர் சொன்னார்: "நாலு வருஷம் படுத்தவர் உடம்பு. ஒரு புண் இல்லை."

கப்பல் போன மறுநாள் பிற்பகல் அதற்கப்புறமும் நிற்கவில்லை. மாமியாரையும் கூட வரச் சொன்னார்கள். "எனக்குப் பட்டாணி வந்தாப் போதும், நீங்க போங்க" என்று அவர்தான் மறுத்துவிட்டார்.

போன மாதம் நான் மாற்றலாகிப் போவதற்கு முன் விடைபெறப் போயிருந்தேன். கட்சால் பேச்சு வந்தது. குமாஸ்தா புத்தி, மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன்; வாய் சும்மா இருக்கவில்லை. மேட் வேலைக்கு மாதம் நாற்பத்திரண்டு ரூபாய் கூட. பெரியவர் போகும்வரை இருபத்தாறு மாதம். ஆயிரத்துத் தொண்ணூற்றிரண்டு ரூபாய் விட்டிருக்கீங்க அக்கா, என்றேன்.

அண்ணன் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அவருக்குக் கணக்கும் சரியாக இருக்க வேண்டும்.

"டீக் காசைச் சேத்தியா?"

"இல்லக்கா."

"சேத்துக்க. அதுவும் நாங்க ஒண்ணா இருக்கக் குடுத்ததுதான்."

சேர்த்தேன். டீ ஒன்று பதினைந்து காசு, இரண்டு பேருக்கு முப்பது. மாதத்துக்கு இரண்டு கப்பல். காற்று மழையில் கப்பலே வராத நான்கு தடவையைக் கழித்தால் நாற்பத்தெட்டு பிற்பகல். பதினான்கு ரூபாய் நாற்பது காசு. எல்லாம் சேர்த்து ஆயிரத்து நூற்றாறு ரூபாய் நாற்பது காசு.